இடாப்பில் இருந்து கதைக்கு: பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற இலக்கிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுகதை பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். சிறுகதை முழுவதையும் அரை மணித்தியாலத்துள் அடக்க முடியாது. அதனால் ஒரு சின்ன விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்றைய காலத்தில் நடக்கும் ஒரு கதையிலே, பாத்திரங்களுக்கு என்ன பெயர் வைப்பது? வயதையும் குடும்பத்தையும் ஊரையும் சமூக நிலையையும் நாம் வாய்திறந்து சொல்லாமலே, அந்தப் பெயரைக் கொண்டு எப்படிச் சொல்ல வைப்பது?

முதலில் ஒன்றை மனதில் இருத்த வேண்டும். ஒருவருடைய பெயர் அவரைப் பற்றிச் சொல்வதில்லை. அவருடைய தாய் தகப்பனைப் பற்றித்தான் சொல்கிறது. அவர் பிறந்த ஆண்டிலே அவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன படித்திருந்தார்கள், பிள்ளை என்னவாக வரவேண்டும் என்று விரும்பினார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயரில் கிடக்கும். ஆகவே பெயர் வைக்கும்போது பாத்திரத்தின் குணத்தைப் பார்க்காதீர்கள். பாத்திரத்தின் பெற்றோரைப் பாருங்கள். நாற்பது வயது வீரமான பெண்ணுக்கு 'வீரலட்சுமி' என்று எழுத்தாளர் வைக்கலாம். ஆனால் 1984ஆம் ஆண்டு கோண்டாவிலில் அவளைப் பெற்ற தாய் அப்படி வைத்திருப்பாளா என்பதே கேள்வி.

எனவே முதல் வேலை ஒரு கழித்தல் கணக்கு. கதை நடக்கும் ஆண்டிலிருந்து பாத்திரத்தின் வயதைக் கழியுங்கள். வருகிற ஆண்டுக்குரிய பெயரைத் தேடுங்கள்.

அந்த ஆண்டுக்குரிய பெயரை எங்கே தேடுவது? எங்களுடைய பாடசாலை இடாப்பே போதும். நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவிகளின் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பாடசாலை எதனுடைய பட்டியலை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான் வரும். 1920களிலும் 30களிலும் பிறந்தவர்கள் அன்னம்மா, செல்லம்மா, பொன்னம்மா, நாகம்மா, இராசம்மா, செல்லாச்சி. அவர்களின் அண்ணன் தம்பிமார் கந்தையா, செல்லையா, வேலுப்பிள்ளை, நாகலிங்கம். அதற்குப் பிறகு ஈஸ்வரிகளின் காலம்: பரமேஸ்வரி, மகேஸ்வரி, இராஜேஸ்வரி, யோகேஸ்வரி. சைவப் பாடசாலைகள் பரவி, வடமொழிச் சாயல் ஒரு மதிப்பாகத் தோன்றிய காலம் அது. கூடவே தேவிகளும் ராணிகளும் மலர்களும் வந்தார்கள். 50களின் பிற்பகுதியிலும் 60களிலும் பெயர்கள் சுருங்கின: சாந்தி, வசந்தி, ஜெயந்தி, மாலினி. ஆண்களில் குமார்கள் பெருகினார்கள். 70களில் ரமேஷும் சுரேஷும் வந்துசேர்ந்தார்கள்.

என்னுடைய வகுப்பு இடாப்பு இன்னும் வேறு மாதிரி. 80களின் பிள்ளைகளாகிய எங்களிலே தர்சினி, சுபாசினி, பிரியதர்சினி என்று 'னி'யில் முடிபவர்கள் பாதிப்பேர். சிந்துஜா, தனுஜா, நிரோஜா என்று 'ஜா'வில் முடிபவர்கள் மீதிப்பேர். வீட்டிலே அண்ணன் தர்சன் என்றால் தங்கை தர்சினி, கடைக்குட்டி தர்சிகா. அகராதியிலே பொருள் தேடினால் கிடைக்காத பெயர்களும் அப்போதுதான் தொடங்கின. பிறந்த நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்து, எண்சாத்திரத்துக்கு ஒரு கூட்டுத்தொகை, அதற்குமேல் ஓசைக்கு ஒரு முடிவு. இன்றைய கபிஷன், லதுஷன், டிலக்சிகா வரை அதே வழிதான்.

ஒரே ஆண்டில் இரண்டு ஓட்டங்கள் இருக்கவும் கூடும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாண நகரத்தில் இந்த 'ஷன்', 'ஷிகா' பெருகியபோது, வன்னியிலே தனித்தமிழ்ப் பெயர் வைப்பது ஊக்குவிக்கப்பட்டது. தமிழினி, புகழினி, எழிலரசி, அறிவழகன் என்று வைத்தார்கள். இன்று இருபத்தைந்து வயதில் ஒரு எழிலரசி உங்கள் கதைக்குள் வந்தால், அவள் எங்கே பிறந்திருக்கலாம், அவளுடைய தாய் தகப்பன் 2009இலே எங்கே இருந்திருக்கலாம் என்று எங்களுடைய வாசகர் தானாகவே யோசிப்பார். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. ஆனால் அந்த யோசனை எழும் என்று தெரிந்துகொண்டே வைக்க வேண்டும். கதைக்கு அது வேண்டாம் என்றால் அந்தப் பெயரும் வேண்டாம்.

இடாப்பைவிட நல்ல ஊற்று இன்னொன்று உண்டு. அது மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். ஒரு அறிவித்தலை முழுவதும் வாசித்துப் பாருங்கள். பிறப்பிடம், வதிவிடம், இறந்தவரின் பெயர், அடைப்புக்குள்ளே வீட்டுப் பெயரோ தொழிலோ, 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கித் தாய் தகப்பன், பிறகு கணவன் அல்லது மனைவி, சகோதரர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். ஒரே குடும்பத்தின் நான்கு ஐந்து தலைமுறைப் பெயர்கள், எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற விபரத்தோடு, அரைப் பக்கத்தில் கிடைக்கும். செல்லம்மாவின் மகள் மகேஸ்வரி, மகேஸ்வரியின் மகள் சுகந்தி, சுகந்தியின் மகள் ஆரணி என்று பெயர் இறங்கிவரும் படிக்கட்டை அங்கே காணலாம். ஒரு ஊரின் அறிவித்தல்களில் இருபதை வாசித்தால் அந்த ஊரின் காது உங்களுக்கு வந்துவிடும். ஆனால் ஒருவருடைய முழுப்பெயரை அப்படியே தூக்கி வைக்கக்கூடாது. தகப்பன் பெயரை ஒன்றிலிருந்தும் பிள்ளை பெயரை வேறொன்றிலிருந்தும் எடுங்கள். நான் வைத்தியராகையால் ஒரு நாளில் நூறு பெயரையும் நூறு வயதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறேன். காது அதனாலே பழகியது உண்மை. ஆனால் கிளினிக் கொப்பியிலிருந்து ஒரு பெயரும் கதைக்கு வரக்கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம்.

அடுத்தது ஊர். எங்களுடைய பெயர் முறையிலே ஒரு வசதி இருக்கிறது. தகப்பன் பெயர் முன்னால் வருகிறது. பிள்ளையின் சொந்தப் பெயர் தலைமுறையைச் சொல்லும். தகப்பனுடைய பெயர் ஊரையும் குடும்பத்தையும் சொல்லும். இன்றைய இளம் பெயர்கள் எல்லா மாவட்டத்திலும் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. ஹற்றனிலும் தர்சிகா, வல்வெட்டித்துறையிலும் தர்சிகா, களுவாஞ்சிக்குடியிலும் தர்சிகா. வேறுபாடு தகப்பன் பெயரிலும் பேரன் பேர்த்தி பெயரிலும்தான் தங்கியிருக்கிறது. மாரிமுத்துவின் மகள் தர்சிகா என்றால் மனம் மலையகப் பக்கம் போகும். குரூஸ் அல்லது லெம்பேட் என்று ஒட்டியிருந்தால் மன்னார்க் கடற்கரை. சந்தியாப்பிள்ளை, சவிரிமுத்து என்றால் கத்தோலிக்கக் குடும்பம். கண்ணகி வழிபாடு வேரோடிய மட்டக்களப்பு ஊரிலே ஆச்சியின் பெயர் கண்ணகை என்று இருக்கலாம். 'அன்னம்மா' மட்டும் அவதானம்: சைவ வீட்டிலும் இருப்பாள், புனித அன்னம்மாளின் பெயரால் கத்தோலிக்க வீட்டிலும் இருப்பாள். அவளுடைய தமையனின் பெயரைச் சொன்னால்தான் எந்த வீடு என்று தெரியும்.

அமெரிக்க மிஷன் காலத்தில் திருமுழுக்குப் பெற்ற மாணவருக்கு, உதவிசெய்த அமெரிக்கரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1857இலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. அந்தக் 'கரோல்' ஒரு சொல்லிலேயே எந்தப் பாடசாலை, எந்த வகைக் கல்வி என்பது அடங்கிவிட்டது.

எங்களுடைய கதைகளில் அடிக்கடி காணும் குறை ஒன்று இங்கே சொல்ல வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களும் இந்தியச் சஞ்சிகைகளும் காதிலே ஏறி, கொக்குவிலில் ஒரு ரெங்கநாயகியும் சாவகச்சேரியில் ஒரு சீனிவாசனும் பிறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் பெரும்பாலும் சைவ மண். அந்த வைணவப் பெயர்கள் இங்கே அரிது. கதையிலே அவர் வந்தவுடனே, வாசகர் சொல்லாமலே 'இவர் இந்த ஊர் இல்லை' என்று முடிவுகட்டிவிடுவார்.

இனிச் சமூக நிலை. இதைத் தயக்கத்தோடு கடந்துபோவது வழக்கம். ஆனால் பெயரைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விடமுடியாது. முருகனின் ஒரே பெயர் ஒரு வீட்டில் கந்தையாவாகவும் இன்னொரு வீட்டில் கந்தனாகவும் நின்றது. வள்ளியம்மை ஒரு பக்கம், வள்ளி மறுபக்கம். ஒடுக்கப்பட்ட சாதியினர் 'ஐயா', 'பிள்ளை' என்ற முடிவுகளைச் சேர்த்துக்கொள்ள விடப்படவில்லை. அதாவது அந்தக் குறுகிய பெயர் பெற்றோரின் விருப்பம் மட்டும் அல்ல, அடுத்தவரின் கட்டளையும்கூட. 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1960களில் ஆலயத்துக்கும் தேநீர்க்கடைக்கும் உள்ளே போவதற்காக நடந்த போராட்டங்களும் அந்தக் கட்டைத் தளர்த்தின. பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயரில் அந்த வேறுபாடு கிடையாது. ஆகவே இன்று முப்பது வயதான ஒருவருடைய சொந்தப் பெயரைக் கொண்டு சாதியைக் குறிப்பது நடவாத காரியம். அப்படிச் செய்ய முயன்றால் பொய்யாகப் போகும். எண்பது தொண்ணூறு வயதுப் பாத்திரத்துக்கு அந்தக் குறுகிய பெயரை வைப்பதானால், யார் அவரை அப்படிக் கூப்பிடுகிறார் என்பதை எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பொடியன் 'கந்தன்' என்பான். அவருடைய பேத்தி 'அப்பு' என்பாள். சங்கக் கடைப் புத்தகத்திலே 'திரு. கந்தன்' என்று இருக்கும். கதையாசிரியராகிய நீங்கள் எந்தக் குரலில் அவரைக் குறிப்பிடுகிறீர்கள் என்பது உங்களுடைய பக்கத்தையும் காட்டிவிடும்.

உத்தியோகமும் ஒரு பெயரே. சட்டம்பியார், விதானையார், பரியாரியார், ஓவசியர், ரீச்சர் என்று அழைக்கப்படுபவருடைய சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துபோயிருக்கும். அப்படி மறந்துபோவதும் ஓர் அந்தஸ்து. அதே வீட்டில் சமைக்க வருகிறவருடைய பெயரும் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கும். அது அந்தஸ்து அல்ல. பெயரில்லாமை இரண்டு வகை.

இப்போது ஒரு கதையை எடுத்து எல்லாவற்றையும் செய்து பார்ப்போம். கதை 2024இல், கொக்குவிலில் ஒரு வீட்டில். எண்பத்துநான்கு வயதான ஒரு அம்மா படுக்கையில். அவருடைய மகள், ஐம்பத்தெட்டு வயது, ஆசிரியை. கனடாவிலிருந்து வந்திருக்கும் மகன்வழிப் பேத்தி, இருபத்தொன்பது வயது. அம்மாவைப் பராமரிக்கும் பெண், நாற்பது வயது. அவளுடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது மலையகத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவர்கள்.

அம்மா பிறந்தது 1940. ஒரு பரமேஸ்வரி பொருந்தும். ஆனால் அவருடைய தகப்பன் சைவப் பாடசாலைத் தலைமையாசிரியர், பெரியபுராணம் படிப்பவர் என்று எனக்குக் கதையில் வேண்டும். அப்படியானால் மங்கையர்க்கரசி. இந்தப் பெயரை வைத்தபின் தகப்பனைப் பற்றி ஒரு பந்தி மிச்சம். ஆஸ்பத்திரி அட்டையில் கணவர் சின்னத்தம்பியின் முதலெழுத்தோடு 'சி. மங்கையர்க்கரசி'. அயலிலே 'மங்கையக்கா'.

மகள் பிறந்தது 1966. சின்னத்தம்பி கொழும்பிலே கிளாக்கர். பேரனார் பெயர் வைக்கும் காலம் முடிந்து, தகப்பன் கொழும்பிலிருந்து பெயர் கொண்டுவரும் காலம். வசந்தி. பாடசாலையில் 'வசந்தி ரீச்சர்'.

மகன் சிவகுமார், பிறந்தது 1963, கனடா போனது 1987. பேத்தி 1995இல் அங்கே பிறந்தாள். அபிநயா என்று வைத்துக்கொள்வோம், வேலைத்தலத்தில் அபி. இவளுடைய குடும்பப் பெயரிலேதான் ஒரு சுவாரசியம் இருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். வெளிநாட்டுப் படிவமோ மாறாத ஒரு குடும்பப் பெயரைக் கேட்கும். சிவகுமார் அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதியிருந்தால், அதுவே உறைந்துபோய், பேத்தி 'அபிநயா சின்னத்தம்பி' ஆகிவிடுவாள். 'சின்னத்தம்பி சிவகுமார்' என்று எங்கள் வரிசைப்படி எழுத, அங்குள்ள அலுவலர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்திருந்தால், அவள் 'அபிநயா சிவகுமார்'. அவளுடைய தகப்பனை வேலைத்தலத்தில் எல்லோரும் 'சின்னத்தம்பி' என்று, அவருடைய தகப்பனின் பெயரால் கூப்பிடுவார்கள். ஒரே வீட்டுச் சகோதரர் மூன்று நாட்டில் மூன்று குடும்பப் பெயரோடு இருப்பது இதனாலேதான். நான் முதலாவதைத் தெரிவேன். ரொறன்ரோவில் ஒரு இளம் சட்டத்தரணியை 'மிஸ் சின்னத்தம்பி' என்று அழைக்கிறார்கள். அவள் கண்டிராத அப்பப்பா அந்த அழைப்பில் உயிரோடிருக்கிறார்.

பராமரிக்கும் பெண்ணுக்கு வருவோம். பலர் உடனே முனியம்மா, கருப்பாயி என்று வைப்பார்கள். கழித்தல் கணக்குப் போடுங்கள்: அவள் பிறந்தது 1984. முனியம்மா அவளுடைய பேர்த்தியாரின் பெயர். அவளுடைய தாய் பழனியம்மாவாக இருக்கலாம். கிளிநொச்சியில் பிறந்த மகளுக்கு அந்தத் தாய் புஷ்பராணி என்றோ கலைச்செல்வி என்றோதான் வைத்திருப்பாள். புதிய இடத்தில் பிள்ளை புதிய பெயரோடு நிற்கட்டும் என்று விரும்பியிருப்பாள். கலைச்செல்வி என்று வைப்போம். மலையகம் எங்கே என்று கேட்பீர்கள். அது தகப்பன் பெயரில் இருக்கிறது: மாரிமுத்து கலைச்செல்வி. நாற்பது வயதுப் பெண்ணுக்கு முனியம்மா என்று வைக்கும்போது நாங்கள் செய்வது என்னவென்றால், அவளுடைய சமூகம் எண்பது ஆண்டாக ஓர் அடியும் நகரவில்லை என்று சொல்வது. பெயர்ப் பிழைபோலத் தோன்றும்; உண்மையில் அது அவமதிப்பு.

கதை இப்போது தானாக நகர்கிறது. வீட்டிலே அவளை எல்லோரும் 'பிள்ளை' என்கிறார்கள். அன்பான சொல்தான். ஆனால் இரண்டு வருடமாக ஒருவரும் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. அவள் மங்கையர்க்கரசியை 'ஆச்சி' என்கிறாள். வசந்தி 'அம்மா' என்கிறாள். அபிநயா 'அப்பம்மா' என்கிறாள். இந்த அழைப்புகள் போதும், யார் பேசுகிறார் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதத் தேவையில்லை. ஒருநாள் சம்பளப் பணம் வங்கியில் போடுவதற்காக வசந்தி ரீச்சர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிறார். 'மாரிமுத்து கலைச்செல்வி' என்று வாசிக்கிறார். அதே சமயம் உள்ளேயிருந்து ஆச்சி, 'கலை, தண்ணி கொண்டா' என்கிறார். படுக்கையில் கிடப்பவருக்கு அந்தப் பெயர் முன்னமே தெரிந்திருக்கிறது. அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கடைசியாகச் சோதனை. பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, கதை தெரியாத ஒரு மாமியிடமோ பெரியம்மாவிடமோ வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை வயதிருக்கும், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேளுங்கள். வயதில் பத்து வருடத்துக்குள் அவர் சொன்னால் பெயர் சரி. இருபது முப்பது வருடம் விலகினால் மாற்றுங்கள். பிறகு அதே தாளை ஓசைக்காகப் பாருங்கள். பரமேஸ்வரி, மகேஸ்வரி, யோகேஸ்வரி மூவரும் ஒரு வீட்டில் இருந்தது உண்மையாகலாம். கதையில் மூவரும் வந்தால் வாசகர் தடுமாறுவார். ஒருவரை வீட்டுப் பெயரால் எழுதுங்கள். கிளி, பேபி, ராசாத்தி என்று எங்களிடம் எத்தனை இருக்கின்றன.

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. எண்பது வயதிலும் ஒரு மாலினி இருப்பார். தகப்பன் மலாயாவில் வேலைபார்த்திருக்கலாம், ஒரு நாவலை வாசித்திருக்கலாம். அப்படி ஒருவரை வைப்பதானால் காரணம் கதைக்குள் எங்காவது கிடக்க வேண்டும். மற்றது, இந்தக் குறிப்புகள் எங்கள் காதுக்கே கேட்கும். மெல்பேர்னில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கோ, சென்னை வாசகருக்கோ மாரிமுத்துவும் சின்னத்தம்பியும் ஒன்றுதான். ஆகவே கதையின் முடிச்சைப் பெயரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். அடையாள அட்டைக் காட்சியிலே மலையகம் என்பது ஒருவருக்கும் விளங்காமல் போனாலும், இரண்டு வருடம் பெயர் சொல்லாமல் இருந்தோம் என்ற வசந்தியின் கூச்சம் எல்லோருக்கும் விளங்கும். பெயர் தெரிந்தவருக்கு அதற்குக் கீழே இன்னொரு அடுக்கும் விளங்கும்.

இந்தச் சங்கத்தில் கதை எழுதுகிற அக்காமாரும் தங்கைமாரும் இருக்கிறீர்கள். அடுத்த கதையைத் தொடங்கும்போது, முதல் வரிக்கு முன்னே ஒரு தாளில் ஒவ்வொரு பாத்திரத்தின் பிறந்த ஆண்டையும், பிறந்த ஊரையும், பெயர் வைத்தவர் யார் என்பதையும் எழுதிவையுங்கள். அந்த வீட்டில் வேலைசெய்ய வருகிறவரையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.